கைக்கடிகாரம் வேண்டாம், அந்த நாற்பத்தைந்து நாள்களைக் கொடுங்கள்

படிப்பை முடித்து முதல் வேலைக்குப் புறப்படும் தம்பி தங்கையருக்கு நம் குடும்பங்கள் வாங்கித்தரும் பரிசுகளில் பெரும்பாலானவை கொடுப்பவரின் மனநிறைவுக்காகத் தேர்ந்தெடுக்கப்படுபவை என்பது என் துணிபு. கைக்கடிகாரம், பெயர் பொறித்த பேனா, தோல்பை, ‘வெற்றிக்கு வழி’ சொல்லும் நூல்கள், கெட்டி அட்டையிட்ட திருக்குறள் உரை என்று அப்பட்டியல் நீளும். இவை அனைத்திற்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. வேலையில் சேர்ந்தவர் ஏற்கெனவே சம்பளம் வாங்கத் தொடங்கிவிட்டார், நகரில் நிலைகொண்டுவிட்டார், இனி அவருக்குத் தேவை அலங்காரம் மட்டுமே என்ற கற்பனையின் மீது இவை நிற்கின்றன. வேலையில் சேரும் நாளுக்கும் முதல் சம்பளம் கைக்கு வரும் நாளுக்கும் இடையில் ஒரு காலம் உண்டு என்பதை அந்தக் கற்பனை மறைத்துவிடுகிறது. அந்த இடைக்காலத்தைக் கடக்க உதவும் பணமே, குடும்பத்தின் பின்புலம் வலுவாக இல்லாத ஒரு பட்டதாரிக்குத் தரத்தக்க முதன்மையான பரிசு என்பதையே இப்பதிவில் வாதிட விரும்புகிறேன்.

இதை எழுதத் தூண்டியது எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் நடந்த ஓர் உரையாடல். என் சித்தி மகள் விருதுநகர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் முடித்து, பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் உள்ள ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். அண்ணன்மார், அக்காமார் என்று ஆறு பேர் ஆளுக்கு 2,500 ரூபாய் போட்டு 15,000 ரூபாயில் நல்ல கைக்கடிகாரம் ஒன்று வாங்குவது என்று முடிவாகியிருந்தது. நான் மறுத்தேன். “பணமாகக் கொடுத்தால் என்ன மரியாதை? பொருளாகக் கொடுத்தால்தான் நினைவில் நிற்கும்” என்றார் மூத்த அண்ணன். அவருடைய அக்கறையில் எனக்கு ஐயமில்லை. அவர் போட்ட கணக்கில்தான் எனக்கு உடன்பாடில்லை. கீழே வரும் தொகைகளைத் தங்கையின் ஒப்புதலோடு, நூற்றுக்கு முழுமையாக்கித் தருகிறேன்.

முதலில் சம்பளம். பணி ஆணையில் ஆண்டுக்கு 4,20,000 ரூபாய் என்று இருந்தது. பன்னிரண்டால் வகுத்து மாதம் 35,000 என்று உறவினர் அனைவரும் மனத்தில் எழுதிக்கொண்டார்கள். ஆனால் அந்த எண் சி.டி.சி. எனப்படும் தொகை. அதாவது ஒரு பணியாளருக்காக நிறுவனம் ஏற்கும் மொத்தச் செலவு. அதில் ஆண்டு இறுதியில் செயல்திறன் பார்த்துத் தரப்படும் 42,000 ரூபாயும் அடக்கம். மாதக் கணக்கில் அது 3,500 ரூபாய், இப்போது கைக்கு வராது. வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் பங்கும் அதற்குள்ளேயே இருக்கிறது. அவளுடைய நிறுவனம் 15,000 ரூபாய் வரம்பின் மீது 12 விழுக்காடு கணக்கிடுவதால் அது 1,800 ரூபாய். பணிக்கொடைக்கான ஒதுக்கீடு, அடிப்படைச் சம்பளமான 17,500 ரூபாயில் 4.81 விழுக்காடு, ஏறத்தாழ 840 ரூபாய். இம்மூன்றையும் கழித்தால் சம்பளச் சீட்டின் மேல்வரியில் நிற்கும் தொகை சுமார் 28,850. அதிலிருந்து அவளுடைய பங்கான வைப்பு நிதி 1,800 ரூபாயும், கர்நாடக அரசின் தொழில்வரி 200 ரூபாயும் பிடிக்கப்படும். கைக்கு வருவது ஏறத்தாழ 26,800 ரூபாய். சித்தப்பா மனத்தில் வைத்திருந்த 35,000 ரூபாய்க்கும் இதற்கும் இடையே 8,000 ரூபாய்க்கு மேல் இடைவெளி இருக்கிறது. யாரும் ஏமாற்றவில்லை. ஆணையின் பிற்சேர்க்கையில் எல்லாம் அச்சாகியிருந்தது. அதைப் படித்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவே.

அடுத்தது காலம். அவள் பணியில் சேர்ந்தது ஜூலை 17. (ஆடி முதல் நாளில் புதுவேலையா என்று பாட்டி முணுமுணுத்தார். பணி ஆணைகள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.) ஜூலை இறுதியில் பாதி மாதச் சம்பளமாவது வரும் என்று வீட்டார் எண்ணினார்கள். வரவில்லை. பல நிறுவனங்களில் சம்பளப் பட்டியலை மாதத்தின் நடுப்பகுதியிலேயே மூடிவிடுவார்கள். வருகைப் பதிவு, விடுப்பு, பிடித்தங்கள் ஆகியவற்றைச் சரிபார்த்து வங்கிக்குக் கோப்பு அனுப்ப அவர்களுக்கு நாள் வேண்டும். அவளுடைய நிறுவனத்தில் அந்த நாள் மாதத்தின் 15ஆம் தேதி. அதற்குப் பிறகு சேர்பவரின் வங்கிக் கணக்கு, நிரந்தரக் கணக்கு எண், வைப்பு நிதி எண் ஆகியவை பட்டியலில் ஏறுவதற்குள் அம்மாதம் கடந்துவிடும். எனவே ஜூலையின் பதினைந்து நாள் சம்பளம் நிலுவையாக ஆகஸ்ட் சம்பளத்தோடு சேர்ந்து ஆகஸ்ட் 31இல்தான் வரும். சேர்ந்த நாளிலிருந்து சரியாக நாற்பத்தைந்து நாள். 15ஆம் தேதிக்கு முன் சேர்ந்திருந்தால் இந்தக் காத்திருப்பு பெரிதும் குறைந்திருக்கும். சேரும் நாளை நிறுவனமே தீர்மானிக்கிறது. முதல் வேலைக்காரருக்கு அதில் பேரம் பேசும் இடம் இல்லை.

அந்த நாற்பத்தைந்து நாளில் அவளுக்கு ஆன செலவு இது:

பெண்கள் பி.ஜி. விடுதியில் இருவர் பகிரும் அறை, காலை இரவு உணவோடு, மாதம் 9,500. ஜூலை 15 அன்று முதல் மாத வாடகையும் அதே அளவு முன்வைப்பும்: 19,000
ஆகஸ்ட் 15 அன்று இரண்டாம் மாத வாடகை: 9,500
மதிய உணவு: 2,800
பேருந்து: 1,800
மெத்தை, போர்வை, வாளி, அலமாரிப் பூட்டு: 2,400
அலுவலகத்துக்கு ஏற்ற உடையும் காலணியும்: 3,600
பயணம், கைப்பேசிக் கட்டணம், சான்றிதழ் நகல்கள், மருந்து: 1,700

மொத்தம் 40,800 ரூபாய். இதில் கேளிக்கை என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. பேருந்துச் செலவைப் பார்த்து, கர்நாடகத்தில் பெண்களுக்குப் பேருந்து இலவசம் அல்லவா என்று குழுவில் ஒருவர் கேட்டார். 2023 ஜூன் மாதம் தொடங்கிய ‘சக்தி’ திட்டம் கர்நாடகத்தில் வசிப்பவர்களுக்கானது. நடத்துநரிடம் காட்டும் அடையாள அட்டையில் அம்மாநில முகவரி இருக்க வேண்டும். விருதுநகர் முகவரியுள்ள ஆதாரை நீட்டினால் பயணச்சீட்டுக்குக் காசு கொடுத்தாக வேண்டும். புதிதாகக் குடியேறுபவரிடம் நகரம் வாங்கும் கூடுதல் விலை இப்படிச் சின்னச்சின்ன இடங்களில் ஒளிந்திருக்கிறது. ஊர்க்காரருக்குக் கிடைக்கும் சலுகை வந்தேறிக்குக் கிடைக்காது, வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர் அறியாத முன்வைப்பை வெளியூர்க்காரர் முதல் நாளே கட்ட வேண்டும். சம்பளம் இருவருக்கும் ஒன்றே. அதை அடையும் வழியின் செலவு வேறு.

இந்த 40,800 ரூபாயில் சித்தப்பாவால் திரட்ட முடிந்தது 26,000. எஞ்சிய ஏறத்தாழ 15,000 ரூபாய்க்குச் சித்தி தன் கம்மலை அடகு வைப்பதாக இருந்தார். நாங்கள் ஆறு பேர் கைக்கடிகாரத்துக்கு ஒதுக்கியிருந்த தொகையும் அதுவே. ஒரே குடும்பத்தில், ஒரே வாரத்தில், ஒரே பெண்ணின் பொருட்டு, ஒரு பக்கம் அடகுச்சீட்டும் இன்னொரு பக்கம் கடிகார ரசீதும் எழுதப்பட இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் முதலாவது குடும்பத்தின் இரகசியம், இரண்டாவது குடும்பத்தின் பெருமை. நம் பரிசுப் பண்பாட்டின் மீது எனக்குள்ள முதன்மையான குற்றச்சாட்டு இதுதான். தேவை பேசப்படாமல் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, அந்த மௌனத்தின் மீது நாம் பளபளப்பான பொருள் ஒன்றை வைக்கிறோம்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம்.

பணம் கொடுப்பது மரியாதைக் குறைவு என்பது முதலாவது. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. கொடுக்கும் செயலில் ஏற்றத்தாழ்வு புகுந்துவிடும் என்பதை நம் இலக்கணம் நெடுங்காலம் முன்பே கண்டிருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல், ஒன்றைத் தரும்படி கேட்க வழங்கும் ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ என்னும் மூன்று சொற்களை, கேட்பவரின் நிலையைக் கொண்டு பிரிக்கிறது. தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் ‘ஈ’ என்பார், ஒத்தவர் ஒத்தவரிடம் ‘தா’ என்பார், உயர்ந்தவர் தாழ்ந்தவரிடம் ‘கொடு’ என்பார். இன்றைய வழக்கில் இப்பாகுபாடு இல்லை என்றாலும் அது சுட்டும் உண்மை அப்படியே இருக்கிறது. கேட்கும் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் கணத்தில் ஒருவர் தம் இடத்தையும் ஒப்புக்கொள்கிறார். இருபத்தோரு வயதில், பட்டம் பெற்ற பெருமையோடு நிற்கும் ஒரு பெண்ணுக்கு இம்மூன்றில் எந்தச் சொல்லும் பொருந்தாது. இரந்து கேட்க அவள் தன்மானம் இடம்தராது, உரிமையோடு கேட்க உறவின் நெருக்கம் போதாது, ஆணையிடும் நிலை அவளுக்கு இல்லை. ஆகவே அவள் கேட்க மாட்டாள். கேட்காததைத் தேவையில்லை என்று நாம் வாசிக்கிறோம்.

ஆக, அவமதிப்பு பணத்தில் இல்லை. கேட்க வைப்பதிலும், கொடுத்ததை ஊரறியச் சொல்வதிலும், கொடுத்த பின் கணக்குக் கேட்பதிலும் அது இருக்கிறது. இம்மூன்றையும் விலக்கிவிட்டால் பணம் போல் மரியாதையான பரிசு வேறில்லை. தன் தேவையைத் தானே தீர்மானிக்கும் அறிவு அவளுக்கு உண்டு என்று அது ஏற்றுக்கொள்கிறது. கைக்கடிகாரமோ அவளுக்கு எது தேவை என்பதை நாம் அறிவோம் என்கிறது.

மேலும், பணம் கொடுப்பது நம் மரபில் இல்லாத ஒன்றா? திருமணத்தில் 501, 1,001 என்று மொய் எழுதுவதை எவரும் மரியாதைக் குறைவாகக் கருதுவதில்லை. புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களின் சில பகுதிகளில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடத்தி, தொழிலுக்கோ வீட்டுக்கோ வேண்டிய முதலை உறவும் ஊரும் சேர்ந்து திரட்டித் தருகின்றன. ‘மொய்’ என்னும் சொல்லே நெருங்கிக் கூடுதலைக் குறிப்பது. தேவை வரும் நேரத்தில் பலர் கூடிப் பணம் சேர்த்துத் தரும் ஏற்பாடு நம்மிடம் இருக்கிறது. திருமணம், காதுகுத்து, புதுமனை என்ற சடங்குகளுக்கு மட்டும் அதை ஒதுக்கிவிட்டோம். படித்த பெண் தனியே ஒரு நகருக்குக் குடிபெயர்வது சடங்காக எண்ணப்படாததால் அதற்கு மொய் இல்லை, கடிகாரம்தான்.

ஆனால் மொய்யை அப்படியே எடுத்து இங்கே பொருத்தவும் கூடாது. மொய் நோட்டில் எழுதப்படுவது. வட்டியில்லாக் கடனாக ஒருநாள் திரும்பியாக வேண்டியது. பரிசு என்பது கொடுப்பது, ஏற்பது, திருப்பித் தருவது என்னும் மூன்று கடப்பாடுகளின் வளையம் என்று மார்செல் மோஸ் 1925இல் வெளிவந்த தம் கட்டுரையில் காட்டியதை இங்குள்ள மானிடவியல் மாணவர்கள் அறிவார்கள். நம் வீடுகளில் அந்தத் திருப்பித் தருதலுக்கு ஒரு பெயர் உண்டு: ‘முதல் சம்பளம்’. பாட்டிக்குச் சேலை, பெற்றோருக்கு உடை, குலதெய்வத்துக்குப் பொங்கல், அண்ணன் அக்காமாருக்கு விருந்து. ஆகஸ்ட் 31இல் அவள் கணக்கில் நிலுவையோடு சேர்ந்து சுமார் 39,000 ரூபாய் வரும். எண்ணைப் பார்த்தால் பெரிது. அதற்குள் செப்டம்பர் 15இன் வாடகை இருக்கிறது, அந்த மாதம் முழுவதற்குமான சாப்பாடும் பயணமும் இருக்கின்றன, வைத்திருந்தால் அடகு நகையும் இருந்திருக்கும். அந்த 39,000 ரூபாயை மிச்சம் என்று பார்ப்பவர்கள், அது ஏற்கெனவே ஒன்றரை மாத வாழ்வுக்குக் கடன்பட்ட பணம் என்பதை மறந்துவிடுகிறார்கள். எனவே 2,500 ரூபாய் போட்டவர், “முதல் சம்பளத்தில் எனக்கு ஒன்றும் வேண்டாம்” என்று சொல்லவும் வேண்டும். செலவில்லாத பரிசு அது. பலருக்கும் கடினமான பரிசும் அதுவே.

பொருள் நினைவில் நிற்கும், பணம் கரைந்துவிடும் என்பது இரண்டாம் வாதம். யாருடைய நினைவில் என்று கேட்கத் தோன்றுகிறது. கொடுத்தவர் ஒவ்வொரு முறை அவள் மணிக்கட்டைப் பார்க்கும்போதும் தம் கொடையை நினைவுகூர்வார் என்பது உண்மை. பெற்றவரின் நினைவு வேறு விதமாக இயங்குகிறது. ஆய்வு உதவித்தொகை மாதக்கணக்கில் நின்றுபோன காலங்களில் விடுதிக் கட்டணத்துக்கு வழியின்றி நின்றவர்கள் இப்பதிவை வாசிப்பவர்களில் பலர் உண்டு. எனக்கும் அந்த அனுபவம் உண்டு. முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது கிடைத்த நூல்களையும் பேனாக்களையும் யார் கொடுத்தார்கள் என்று இன்று என்னால் வரிசைப்படுத்த முடியாது. அந்த மாதங்களில் ஒரு சொல் கேட்காமல் 4,000 ரூபாய் அனுப்பிய தோழியின் பெயரை மறக்க மாட்டேன்.

நூல்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏனெனில் இங்கே வாசிப்பவர்களில் பெரும்பாலோர் நூல் பரிசளிப்பவர்கள். நாம் கொடுக்கும் நூல் பெரும்பாலும் நாம் வாசித்த நூலாக, அவள் வாசிக்க வேண்டும் என்று நாம் விரும்பும் நூலாக இருக்கிறது. விருப்பமான நூலைத் தருவதில் தவறில்லை. அதை அவளுடைய தேவைக்கு ஈடாக வைப்பதை மட்டுமே மறுக்கிறேன். இருவர் பகிரும் அறையில் அவளுக்கு ஒரு கட்டிலும் அரை அலமாரியும் உண்டு. எந்தப் பொருளைத் தந்தாலும் அந்த அரை அலமாரியில்தான் அது இடம்பிடிக்க வேண்டும்.

நிறுவனமே உதவாதா என்பது மூன்றாம் வாதம். சில நிறுவனங்கள் இடமாற்றப் படி தருகின்றன. ஆனால் அது பொதுவாக ரசீதைச் சமர்ப்பித்த பின்போ முதல் சம்பளத்தோடோ வருவது. முதல் நாளே கட்ட வேண்டிய 19,000 ரூபாய்க்கு அது பயன்படாது. சேரும்போது தரும் ஊக்கத்தொகையில், குறித்த காலத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதுண்டு. அதற்குப் பதிலாகச் சம்பளக் கணக்கோடு சேர்த்து வங்கிகள் ஆர்வத்தோடு நீட்டுவது கடன் அட்டையை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போனால் மாதம் மூன்று விழுக்காட்டுக்கு மேலும் வட்டி ஏறக்கூடும். உறவினர் மொத்தமாகக் கடிகாரம் வாங்கிக்கொடுத்த அதே பெண், இரண்டாம் மாத வாடகையை அந்த அட்டையில் தேய்ப்பது நடக்கக்கூடியதே.

என் வாதத்துக்கு எல்லையும் உண்டு. பெற்றோர் வீட்டிலிருந்தபடியே வேலைக்குச் செல்பவருக்கும், முன்வைப்பும் வாடகையும் பொருட்டல்லாத வசதியுள்ளவருக்கும் இது பொருந்தாது. அவர்களுக்குக் கடிகாரமே விருப்பம் என்றால் கடிகாரமே வாங்கித் தரலாம். அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை அறிய நேரடியாகக் கேட்கத் தேவையில்லை. தங்குமிடம் எங்கே, எந்தத் தேதியில் சேர்கிறார், சம்பளம் எந்த நாளில் போடுவார்கள் என்ற மூன்று கேள்விகள் போதும். மூன்றும் இயல்பான நலவிசாரிப்புகள். விடைகளிலிருந்து இடைவெளியை நாமே கணக்கிட்டுவிடலாம்.

கொடுக்கும் முறையில் நான்கு செய்திகளைக் கவனிக்க வேண்டும். எங்கள் வீட்டில் இறுதியில் அவ்வாறே நடந்தது.

ஒன்று, புறப்படும் முன் போய்ச் சேர வேண்டும். 10,000 ரூபாயை ஜூலை 10ஆம் தேதியும் 5,000 ரூபாயை ஆகஸ்ட் 14ஆம் தேதியும் அனுப்பினோம். முன்வைப்புக்கு முதல் தொகை, இரண்டாம் வாடகைக்கு அடுத்த தொகை. முழுவதையும் முதலிலேயே தந்தால், ஆகஸ்ட் நடுவில் மீண்டும் ஒரு வறட்சி வர வாய்ப்புண்டு.

இரண்டு, அவளுடைய கணக்குக்கே அனுப்ப வேண்டும். வீட்டு விழாவில் உறையில் வைத்துக் கொடுத்த பணம் பெற்றோர் கைக்குப் போய், நிலுவையிலுள்ள வேறு கடனுக்குக் கரைந்துவிடும். பெற்றோரைக் குறை சொல்லவில்லை, ஏழ்மையான வீட்டில் பணத்தின் இயல்பு அது. நிறுவனம் திறக்கும் சம்பளக் கணக்கு சேர்ந்த பிறகுதான் வரும். எனவே பழைய சேமிப்புக் கணக்கைத்தான் நம்ப வேண்டும். பள்ளிப் பருவத்தில் உதவித்தொகைக்காகத் திறந்த கணக்குகள் ஈராண்டு பயன்பாடின்றி முடங்கியிருக்கலாம், பதினெட்டு வயது நிறைந்த பின் ஆவணங்கள் புதுப்பிக்கப்படாமல் இருக்கலாம். ஆகவே முதலில் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தோம். அவள் அதை எடுக்க முடிகிறது என்று உறுதியான பின் மீதியை அனுப்பினோம். மொய்யில் சேர்க்கும் அந்த ஒற்றை ரூபாய்க்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

மூன்று, வரி. மொழியியல் மாணவிக்குச் சுவையான இடம் இது. தமிழில் சித்தி மகள் தங்கை. அவளைச் சுட்ட வேறு சொல்லே நமக்கு இல்லை. வருமான வரிச் சட்டத்தின் ‘உறவினர்’ வரையறையிலோ உடன்பிறந்தாரும், பெற்றோரின் உடன்பிறந்தாரும் உண்டு, பெற்றோரின் உடன்பிறந்தாருடைய பிள்ளைகள் இல்லை. பெரியம்மா தந்தால் உறவினர் கொடை, பெரியம்மா மகள் தந்தால் அயலார் கொடை. அயலாரிடமிருந்து ஓர் நிதியாண்டில் பெற்ற தொகை எல்லாம் சேர்ந்து 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமன்றி முழுத் தொகையும் அவளுடைய வருமானத்தில் சேரும். திருமணத்துக்குத் தரும் பரிசுக்கு விலக்கு உண்டு, பட்டத்துக்கும் வேலைக்கும் இல்லை. சடங்கைப் பற்றிச் சட்டமும் நம் வீட்டாரைப் போலவே எண்ணுகிறது. 15,000 ரூபாய்க்கு இதனால் தொல்லையில்லை. பெரிய தொகை தர விரும்பும் குடும்பங்கள் அதை மாமா, பெரியம்மா வழியாகத் தருவது நலம்.

நான்கு, உடன் அனுப்பும் சொற்கள். “செலவுக்கு வைத்துக்கொள்” என்பதில் கொடுப்பவர் மேலே நிற்கிறார். “எதற்குச் செலவழித்தாய்?” என்பது பரிசையே திரும்பப் பெறும் வினா. நாங்கள் எழுதியது இவ்வளவுதான்: “ஆறு பேரும் சேர்ந்து அனுப்புகிறோம். திருப்பித் தர வேண்டியதில்லை, கணக்கும் சொல்ல வேண்டியதில்லை. முதல் சம்பளத்தில் பாட்டிக்கு மட்டும் ஏதாவது வாங்கு.” பாட்டியை விட்டுவிட்டால் அவள் மனம் ஒப்பாது என்று அண்ணன் சொன்னார். அது சரியென்றே பட்டது. சிறு அளவில் திருப்பித் தரும் வாய்ப்பை மிச்சம் வைப்பதும் பெறுபவருக்குச் செய்யும் மரியாதை.

அவளிடமிருந்து வந்த மறுமொழி நீளமானதில்லை. “அக்கா, அம்மாவோட கம்மல் வீட்டிலேயே இருக்கு” என்று எழுதியிருந்தாள். அடகு வைக்க இருந்த செய்தி எங்களுக்குத் தெரியும் என்பதை அவள் அறிந்திருக்கவில்லை என்றே அதுவரை நினைத்திருந்தோம்.

ஜூன், ஜூலை பட்டமும் பணி ஆணையும் ஒன்றாக வரும் காலம். உங்கள் வீட்டிலும் யாரோ ஒரு தம்பியோ தங்கையோ பெட்டி கட்டிக்கொண்டிருப்பார். கடைக்குப் போகும் முன் அவர் சேரும் தேதியையும் சம்பளத் தேதியையும் கேட்டு, இடையில் உள்ள நாள்களை எண்ணிப் பாருங்கள். பிறகு எதை வாங்குவது என்று முடிவு செய்யுங்கள்.